‘மலை வருது’ என்கிறார் விருந்தாளி

ஏற்காட்டுக்காரன்: மலையில் நாலு அறை வைத்து விடுதி நடத்துகிறேன். ஒரு அமெரிக்கர் ஒரு மாதமாகத் தங்கித் தமிழ் படிக்கிறார். ‘மழை வருது’ என்பது அவர் வாயில் ‘மலை வருது’ ஆகிவிடுகிறது. நாக்கை மடிங்க, மடிங்க என்று சொல்லி ஓய்ந்துவிட்டேன். அவருக்குத் தெரிந்த சத்தம் எதையாவது வைத்து ழ-வைச் சொல்லித் தர முடியுமா?

அஸ்தம்பட்டி அக்கா: இதுல என்ன கஷ்டம்? `zh` என்று தட்டினால் ழ வந்துவிடும். என் பேரன் அப்படித்தான் போனில் அடிக்கிறான்.

வாழப்பாடியான்: அக்கா, அவர் கேட்டது வாய்க்கு, விரலுக்கு இல்லை. ஆனால் வினையே அந்த `zh`தான். எங்கள் ஊர்ப் பலகையில் Vazhapadi என்று பார்த்துவிட்டு, ‘டெலிவிஷன்’ என்று சொல்லும்போது அவர்களுக்கு நடுவில் வரும் சத்தத்தைப் போட்டு வாசிக்கிறார்கள். காற்று சீறினாலே அது ழ இல்லை. என்னைக் கேட்டால் ழ என்பது அழுத்திச் சொன்ன ள. முதலில் ள வரட்டும், அப்புறம் அழுத்தச் சொல்லுங்க.

பழைய வாத்தியார்: தம்பி, சீறல் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ள-வை அழுத்தினால் இன்னும் அழுத்தமான ள-தான் வரும். ‘கிளியூர்’ என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு நுனி மேலே ஒட்டிக்கொள்கிறது, காற்று இரண்டு பக்கமும் வழிகிறது. ‘வாழப்பாடி’யில் நுனி ஒட்டுவதில்லை, காற்று நடுவில் போகிறது. தொல்காப்பியம் ழ-வை ல, ள-வோடு சேர்க்காமல் ர-வோடு சேர்த்துத்தான் சொல்கிறது.

அந்த வழியில் போனால் உங்கள் அமெரிக்கருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. ‘கார்’ என்பதை அவர் ஊர்ப்படி சொல்லச் சொல்லுங்கள். நம் ர் ஒரு தட்டில் முடிந்துவிடும். அவருடையது மூச்சு உள்ளவரை நீளும். அதை நீட்டிக்கொண்டே நாக்கு நுனியை மெல்லப் பின்னால் தூக்கட்டும், எங்கேயும் இடிக்கக் கூடாது. ‘காழ்’ மாதிரி கேட்கும். அப்புறம் ‘வாழ்’, ‘வாழை’. மழையைக் கடைசியில் வையுங்கள். முதல் எழுத்து குறில் என்பதால் நாக்கு போய்ச் சேர நேரம் கிடைக்காது.

ஏற்காட்டுக்காரன்: காலையில் காப்பி குடிக்கும்போதே பார்த்தோம் சார். ‘வாழ்’ அருமையாக வந்தது! ‘வாழை’ மட்டும் ‘வார்வை’ மாதிரி ஆகிறது.

பழைய வாத்தியார்: அது உதடு. அவர்களுக்கு ர-வுக்குப் பின்னால் உயிர் வந்தால் உதடு தானாகக் குவியும். வாயின் இரண்டு ஓரத்தையும் விரலால் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு சொல்லட்டும். அப்போதும் சரியாக இல்லையென்றால் நுனி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அமெரிக்கர்களில் பலர் நுனியைத் தூக்காமல் நடுநாக்கைத் திரட்டியே அந்த ர்-ஐச் சொல்கிறார்கள், காதுக்கு வித்தியாசம் தெரியாது. சோதனை ஒன்று: எழுத்தைச் சொல்லும்போதே நாக்கை அப்படியே நிறுத்திவிட்டு வாயால் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். நாக்கின் நடுவில் ஜில்லென்றால் ழ, ஓரங்களில் என்றால் ள.

சூரமங்கலத்தான்: எதுக்கு அந்த மனுஷனை வாட்டுறீங்க? என் பாட்டி கடைசிவரை ‘வாளப்பளம்’தான். என் மகளுக்கு ஏழு வயது, ‘வாலப்பலம்’ என்கிறாள். நம்ம மார்க்கெட்டில் ‘பளம்’ என்று கேட்டால் யாரும் தர மாட்டோம் என்பார்களா?

வாழப்பாடியான்: பழம் கிடைக்கும். ‘வலி எங்கே இருக்கு?’ என்று வழி கேட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள்.

சூரமங்கலத்தான்: ஏற்காட்டில் நின்று கேட்டால் புரியாதா என்ன? பேச்சு வேறு, மேடை வேறு.

அஸ்தம்பட்டி அக்கா: என் சம்பந்தி வீட்டில் ஒரு பிரெஞ்சுப் பெண் வந்திருக்கிறாள். அவளுக்கும் இந்தக் காரைச் சொல்லலாமா?

பழைய வாத்தியார்: ஆகாதும்மா, அவர்களுடைய ர தொண்டையில் பிறப்பது. அவளுக்கு ல-வில் தொடங்குங்கள். நுனியை அண்ணத்தின் மேலே பின்னுக்கு நகர்த்தினால் ள வரும். அங்கிருந்து ஒட்டை மட்டும் விடச் சொல்லுங்கள். சீனமொழி பேசுகிறவர் வந்தால் கவலையே வேண்டாம், அவர்களுடைய ர பக்கத்திலேயே இருக்கிறது.

வாழப்பாடியான்: அப்போ ள-வில் ஆரம்பிக்கச் சொன்ன நான் பாதி சரி! இன்னொன்று சார், தொல்காப்பியம் அண்ணத்தை ‘வருட’ என்கிறதே. வருடுவது என்றால் தொடுவதுதானே? நீங்க தொடவே கூடாது என்கிறீர்கள்.

பழைய வாத்தியார்: ர-வில் தொடுகிறது. ழ-வில் என் நாக்கு தொடுவதில்லை. அந்தக் காலத்து நாக்கு தொட்டதா என்று எனக்கும் சந்தேகம்தான்.

ஏற்காட்டுக்காரன்: நேற்று சாயங்காலம் பிடித்துக்கொண்டது. திண்ணையில் நின்று ‘மழை வருது’ என்றார், சுத்தமாக! ஆனால் இப்போது புதுத் தொல்லை. இந்த மழையில் காப்பி நன்றாக விளையுது, இந்த மழை மேலேயே வீடு வாங்கப் போகிறேன் என்கிறார்.