[கலைச்சொல்] ‘பயோ’வுக்குத் தமிழ்ச் சொல்: 160 குறிக்குள் அடங்கும் அறிமுகம்

அனுப்புநர்: மங்கை

அனைவருக்கும் வணக்கம்.

நாங்கள் தமிழாக்கும் சமூக வலைச் செயலியில் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. பெயருக்குக் கீழே, ஆள் யார் என்று இரண்டு மூன்று வரியில் சொல்லும் இடம். ஆங்கிலத்தில் அதற்குப் ‘பயோ’ என்று பெயர். உச்ச அளவு 160. ‘புரொஃபைல்’ முழுவதற்கும் ‘சுயவிவரம்’ என்று முன்பே வைத்துவிட்டோம், ஆகவே அதை மறுபடி இங்கே பயன்படுத்த முடியாது. பழைய கோப்பில் ஒருவர் ‘சுயசரிதை’ என்று போட்டிருக்கிறார். 160 குறிக்குள் சுயசரிதை எழுதச் சொன்னால் பயனர் சிரிப்பார்.

சொல் மூன்று இடங்களில் வரும்: பெட்டியின் தலைப்பு, திருத்தும் பொத்தான், அளவு மீறினால் வரும் எச்சரிக்கை. வேற்றுமை உருபு ஏற்றாலும் வாயில் சிக்காத சொல்லாக இருந்தால் நல்லது.

அனுப்புநர்: சுப்பையா

அம்மா, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? எங்கள் ஊரில் பயோடேட்டா என்றால் எல்லாருக்கும் தெரியும். பெயர், பிறந்த தேதி, நட்சத்திரம், படிப்பு, வேலை, சம்பளம், உடன்பிறந்தோர். என் மகனுக்கு அச்சடித்தது ஒன்று கைவசம் இருக்கிறது, வேண்டுமானால் மாதிரிக்கு அனுப்புகிறேன். ‘வாழ்க்கைக்குறிப்பு’ என்று போட்டுவிடுங்கள்.

அனுப்புநர்: அருளானந்தம்

சுப்பையா, இது பெண் பார்க்கும் பட்டியல் அன்று. நட்சத்திரத்தை விட்டுவிடுவோம்.

‘தற்குறிப்பு’ என்று முதலில் தோன்றும். நானே அதைத் தள்ளுகிறேன். கேட்டவுடன் ‘தற்குறி’ நினைவுக்கு வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவனைக் குறிக்கும் சொல்லை, எழுதச் சொல்லும் பெட்டிக்குப் பெயராக வைக்கலாகாது. போதாததற்குத் தற்குறிப்பேற்ற அணி வேறு இருக்கிறது. இயல்பாக நடப்பதன் மேல் கவிஞன் தன் கற்பனையை ஏற்றிச் சொல்வது அது. பலருடைய அறிமுகங்களைப் பார்த்தால் அந்தப் பெயரே பொருந்தும் என்பது வேறு கதை.

‘மெய்க்கீர்த்தி’ என்றும் ஒரு குறும்புக்குச் சொல்லலாம். சோழர் கல்வெட்டுகளின் தலைப்பில் மன்னன் வென்ற நாடுகளை அடுக்கும் பகுதி. ஆனால் அது கல்லில் இடம் பார்க்காமல் நீளும். நமக்கு 160தான்.

என் முன்மொழிவு: தன்னறிமுகம்.

அனுப்புநர்: பாண்டியன்

சொல் இருக்கட்டும். 160 என்பதே தமிழருக்கு ஏமாற்று எண். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் ஆகும். 160ஐ மூன்றால் வகுத்தால் 53. குறுஞ்செய்தியிலும் இதே கதைதான்: ஆங்கிலத்தில் 160, தமிழில் 70. எச்சரிக்கையில் ‘தமிழில் 53’ என்று போடுங்கள்.

அனுப்புநர்: செந்தில்

பாண்டியன் அண்ணன் சொல்லும் மூன்று பைட் சரி, குறுஞ்செய்தியின் 70உம் சரி. அங்கே ஒரு செய்திக்கு 140 பைட் என்பது கட்டு. ஆங்கிலக் குறிக்கு ஏழு பிட் என்பதால் 160 கொள்ளும், தமிழ்க் குறிக்குப் பதினாறு பிட் என்பதால் 70தான் கொள்ளும். ஆனால் இந்தப் பெட்டி பைட்டை எண்ணவில்லை, குறியை எண்ணுகிறது. தமிழிலும் 160 முழுதாகக் கிடைக்கும். 53 என்று போட்டால் பயனருக்கு வீணாக மூன்றில் இரண்டு பங்கு பறிபோகும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நாம் எழுத்து என்று நினைப்பதும் கணினி எண்ணுவதும் ஒன்றல்ல. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. ‘கோவில்பட்டி’ நமக்கு ஆறு, அதற்குப் பதினொன்று. மெய்யெழுத்து ஒவ்வொன்றும் இரண்டு, அகரம் தவிர்ந்த உயிர்மெய்யும் இரண்டு என்று வைத்துக்கொண்டால் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும்.

இன்னொன்று. பழைய மாற்றிகளிலிருந்து ஒட்டும் உரையில் ஓகாரக் குறி சில வேளை இரண்டாக உடைந்து வரும், அதாவது இரட்டைச் சுழிக் கொம்பு தனி, கால் தனி. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் கோவில்பட்டி பன்னிரண்டாகிவிடும். எண்ணுவதற்கு முன் ஒருங்கிணைத்துவிட்டால் தீர்ந்தது:

```
import unicodedata
s = unicodedata.normalize("NFC", "கோவில்பட்டி")
print(len(s))
```

இது 11 என்று காட்ட வேண்டும்.

அனுப்புநர்: தர்ஷினி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். செந்தில் சொல்வதால்தான் ‘மீதமுள்ள எழுத்துகள்’ என்று எண்ணிக்கைக்குப் பக்கத்தில் போடக்கூடாது என்கிறேன். பயனர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சண்டைக்கு வருவார். எங்கள் பாடநூல்களில் இதற்கு ‘வரியுரு’ என்று சொல் இருக்கிறது. ‘மீதம் 23 வரியுரு’ எனலாம்.

அனுப்புநர்: கலைச்செல்வி

நான் பள்ளி ஆசிரியை, கலைச்சொல் நிபுணர் இல்லை. இந்தச் சோதனைப் பதிப்பில் கணக்குத் தொடங்கினேன். கீழே உள்ளதை ஒட்டினேன், பெட்டி பாதியில் வெட்டிவிட்டது. என்ன செய்ய வேண்டும்?

“வணக்கம்! நான் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை. புத்தகம் படிப்பதிலும் பறவைகளைப் பார்ப்பதிலும் ஆர்வம் உண்டு. மனித நேயமே என் மதம். வாழ்க்கை ஒரு பயணம். என் கருத்துகள் என்னுடையவை மட்டுமே.”

அனுப்புநர்: செந்தில்

டீச்சர், இது 175. பெட்டி 160இல் நிறுத்தியிருக்கிறது. எங்கே நின்றது என்று பாருங்கள். ‘என்னுடையவை’யில் னகரத்தோடு 160 முடிகிறது, அடுத்திருந்த உகரக் குறி உள்ளே வரவில்லை. ஆகவே உங்கள் பக்கத்தில் இப்போது கடைசி வரி “என் கருத்துகள் என்ன” என்று நிற்கும். எழுத்தின் நடுவே வெட்டுவது செயலியின் பிழை. வெட்டாமல் எச்சரிக்க வேண்டும், பிழைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

அனுப்புநர்: அருளானந்தம்

‘ஒரு அரசு’ அன்று, ‘ஓர் அரசு’. குறி எண்ணிக்கை மாறாது, இரண்டும் மூன்றுதான்.

அனுப்புநர்: மங்கை

டீச்சர், பதினைந்தைக் குறைப்பது எளிது. ஆனால் வெறுமனே குறைத்தால் போதாது என்று நினைக்கிறேன். இந்தப் பெட்டியைப் படிப்பவர் உங்களை அறியாதவர். இவரைப் பின்தொடர்ந்தால் எனக்கு என்ன வரும் என்பது ஒன்றுதான் அவர் கேள்வி. உங்கள் 175இல் அதற்குப் பதில் சொல்வது ‘ஆசிரியை’, ‘பறவைகள்’ இரண்டும்தான். ‘வணக்கம்’ எல்லாரும் சொல்வது. ‘நான் ஒரு’ தேவையே இல்லை, அது உங்கள் பக்கம் என்பது தெரிந்ததுதானே. மனிதநேயமும் பயணமும் அடுத்தவர் பக்கத்திலும் அப்படியே இருக்கும். அவற்றை நீக்கியதும் இடம் தானாகக் கிடைக்கும். அந்த இடத்தில் உங்களுக்கு மட்டுமே உரியதை வையுங்கள்: எந்த ஊர், என்ன பாடம், எந்தப் பறவை, எவ்வளவு நாளுக்கு ஒருமுறை எழுதுவீர்கள்.

முதல் வரிக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். பரிந்துரைப் பட்டியலில் நம் செயலி முதல் 60 குறியை மட்டும் காட்டுகிறது. நீங்கள் வைத்திருந்தபடி பறவை அங்கே எட்டியே பார்க்காது.

அனுப்புநர்: பாண்டியன்

‘என் கருத்துகள் என்னுடையவை’ என்பதை எடுக்காதீர்கள். அரசு ஊழியருக்கு அது பாதுகாப்பு.

அனுப்புநர்: அருளானந்தம்

பாதுகாப்பா? அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973இலிருந்து இருக்கின்றன. அறிமுகத்தில் ஒரு வரி எழுதிவிட்டதால் அவை விலகி நிற்கப் போவதில்லை. துறையின் குரலாகப் பேசவில்லை என்று வாசகருக்குத் தெரிவிக்கலாம், அவ்வளவே அதன் பயன். பறவை பற்றி எழுதும் பக்கத்தில் அதற்கு 34 குறி கொடுப்பது அதிகம்.

அனுப்புநர்: கலைச்செல்வி

இப்படி எழுதியிருக்கிறேன்:

“கோவில்பட்டி அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வாரம் ஒரு கரிசல் பறவை: படம், குரல், எங்கே எப்போது பார்க்கலாம். மாணவர் குறிப்புகளும் உண்டு.”

‘புத்தகம் படிப்பதில் ஆர்வம்’ போய்விட்டது. கொஞ்சம் வருத்தம்தான்.

அனுப்புநர்: செந்தில்

137. இன்னும் 23 மீதம். இன்ஸ்டகிராமின் 150க்குள்ளும் இதை அப்படியே ஒட்டலாம். புத்தகத்தை அந்த 23இல் திணிக்க வேண்டாம், பதிவில் வந்தால் போதும்.

பட்டியலில் மட்டும் இன்னும் சிக்கல். 60 குறியில் ‘வாரம் ஒரு கரி’ வரை வருகிறது. ‘வாரம் ஒரு கரிசல் பறவை’யை முன்னால் போட்டு, ஆசிரியை என்பதைப் பின்னால் தள்ளிப் பாருங்கள்.

அனுப்புநர்: தர்ஷினி

ஊரையும் பள்ளியையும் சேர்த்து எழுதினால் டீச்சரை எவரும் தேடி வந்துவிடலாம். அந்த ஊரில் அரசுப் பள்ளி எத்தனை இருக்கும்? ‘கரிசல் காட்டு அறிவியல் ஆசிரியை’ என்றால் அடையாளமும் இருக்கும், முகவரியும் இருக்காது.

அனுப்புநர்: கலைச்செல்வி

என் மாணவர்களின் பெற்றோர் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே ஊரைப் போட்டேன். வரிசையை மாற்றிவிடுகிறேன், ஊர் இருக்கட்டும்.

அனுப்புநர்: மங்கை

சொல்லுக்கு வருவோம். ‘அறிமுகம்’ மட்டும் போதுமா என்றால், செயலியைப் பற்றிய பக்கத்துக்கு அதை ஏற்கெனவே வைத்திருக்கிறோம். ‘அறிமுக வரி’ என்று வேறொரு மடலில் ஒருவர் சொன்னார், புதிதாக ஒரு வரி போட்டுவிட்டார்களோ என்று பயனர் பயப்படுவார். ‘தன்னறிமுகம்’ எனக்குப் பிடிக்கிறது. ஆனால் மறைந்த எழுத்தாளர் ஒருவருக்கு வாசகர்கள் நடத்தும் பக்கம் இருக்கிறது, அங்கே அறிமுகம் செய்வது அவரல்லர். ‘தன்’ பொருந்தாது. ‘தன்னறிமுகத்தைத் திருத்துக’ என்பது கைபேசிப் பொத்தானில் இரண்டு வரியாக மடிகிறது.

‘குறுவிவரம்’ எப்படி? சுயவிவரம் முழுமை, குறுவிவரம் அதன் ஒரு பகுதி. பொத்தானில் ‘குறுவிவரம் திருத்து’ ஒரே வரியில் நிற்கிறது.

அனுப்புநர்: அருளானந்தம்

விவரம் என்றால் சுப்பையாவின் பட்டியல்தான் வந்து சேரும்: பிறந்த தேதி, படிப்பு, வேலை. நீங்களே டீச்சருக்குச் சொன்னது என்ன? அறியாதவருக்கு நம்மை அறியச் செய் என்பதுதானே. அதற்கு அறிமுகம் என்ற சொல்லே நேராக இருக்கிறது. பொத்தான் மடிகிறது என்பதற்காகப் பொருளை மடக்கலாகாது. மறைந்தவர் பக்கம் எத்தனை இருந்துவிடும்?

அனுப்புநர்: சுப்பையா

குறுவிவரம் நன்றாக இருக்கிறது. நட்சத்திரம் கேட்குமா?

அனுப்புநர்: மங்கை

சுப்பையா ஐயா, கேட்காது.

வெள்ளிக்கிழமை பதிப்பில் ‘குறுவிவரம்’ போகிறது. பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் வழிகாட்டு வரியில் அருளானந்தம் ஐயா சொன்ன பொருளை வைத்திருக்கிறேன்: “உங்களை அறியாதவருக்கு: யார், எதைப் பற்றி எழுதுவீர்கள்?” எண்ணிக்கைக்கு ‘மீதம் 23’ என்று எண் மட்டும். வரியுருவா குறியா என்பது தனி இழையில் தொடரட்டும். தர்ஷினி, நீங்கள் தொடங்குகிறீர்களா?

அனுப்புநர்: அருளானந்தம்

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன்.