ஆறு மணி நேரம் முன்னதாகத் தூத்துக்குடி போய்ச் சேர்ந்த கதை

வில்லாபுரத்து அப்பா:
என் மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். ஒன்பது மாத ஒப்பந்தம் முடிந்து தூத்துக்குடியில் இறங்குவதாக இருந்தான். செவ்வாய்க்கிழமை மாலை 6 மணிக்குச் செய்தி அனுப்பினான்: “இன்னும் 540 மைல் இருக்கிறது, 12 நாட் வேகத்தில் வருகிறோம்.” எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்பதற்குள் இணைப்பு போய்விட்டது. சரி, கணக்கு நமக்குத் தெரியாததா என்று காகிதத்தை எடுத்தேன். கூட்டுறவு வங்கியில் முப்பது வருடம் வட்டி போட்ட கை.

நாட் என்றால் 1.852 என்று எங்கோ படித்த நினைவு. 12-ஐ அதனால் பெருக்கினால் மணிக்கு 22.2 கிலோமீட்டர். மைல் என்றால் 1.6 என்பது பள்ளியிலிருந்தே மனப்பாடம். 540-ஐ அதனால் பெருக்கினால் 864 கிலோமீட்டர். வகுத்தால் 39 மணி நேரம், அதாவது வியாழன் காலை 9 மணி.

வியாழன் அதிகாலையில் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகப் போய் எட்டரைக்கெல்லாம் தூத்துக்குடியில் இறங்கிவிட்டேன். கையில் என் மனைவி கட்டிக் கொடுத்த கோலா உருண்டையும் இட்லியும். ஒன்பது ஆனது, பத்து ஆனது, கப்பலைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பகல் ஒரு மணிக்கு மேல் கோலா உருண்டையை நானே சாப்பிட்டேன். வெயிலில் அது கெட்டுப்போவதைவிட அது நல்லது என்று தோன்றியது. மாலை 5 மணிக்குத்தான் மகன் கூப்பிட்டு, வெளியே நங்கூரம் போட்டிருக்கிறோம் என்றான்.

வீட்டுக்கு வந்து என் காகிதத்தைப் பார்த்தவன் ஒரே வரியில் போட்டான்: 540-ஐ 12-ஆல் வகுத்தால் 45. வியாழன் பிற்பகல் 3 மணி. “இதில் கிலோமீட்டருக்கு என்னப்பா வேலை?” என்று கேட்டான். வேகத்தைக் கடல் மைலாகவும் தூரத்தைத் தரை மைலாகவும் எடுத்திருக்கிறேன். அந்த ஆறு மணி நேரம் அதில் போனது. இரண்டுக்கும் 1.6 போட்டிருந்தால்கூட விடை சரியாக வந்திருக்குமாம்! பாதி தெரிந்ததுதான் என்னைக் கவிழ்த்தது.

மேலூர் பழைய மாலுமி:
ஐயா, கப்பலில் சேர்ந்த முதல் வருடம் நானும் இதைச் செய்து, மூன்றாம் அதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உங்கள் மகன் சொன்ன 540 என்ற எண் தற்செயலாக ஓர் அருமையான எண். 540 கடல் மைல் என்பது கிட்டத்தட்டச் சரியாக 1000 கிலோமீட்டர்.

காரணம் இதுதான். பூமியில் நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரை 90 பாகை. ஒவ்வொரு பாகையிலும் 60 கலை. மொத்தம் 5400 கலை. ஒரு கலை நீளத்தைத்தான் மாலுமிகள் ஒரு மைல் என்று வைத்துக்கொண்டார்கள். அதே தூரத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் 10,000 கிலோமீட்டர் என்று வைத்து மீட்டரை உருவாக்கினார்கள். பூமி முழு உருண்டை இல்லை, அதனால் கலையின் நீளம் இடத்துக்கு இடம் சற்று மாறும். 1929-இல் மொனாக்கோவில் கூடி 1852 மீட்டர் என்று நிரந்தரமாக முடிவு செய்தார்கள். நான் பெருக்கல் எதையும் நினைவில் வைப்பதில்லை. 54-க்கு 100, அவ்வளவுதான். 27 நாட் என்றால் 50 கிலோமீட்டர் வேகம்.

இன்னொன்று. உங்கள் விடை உண்மையைவிட ஏழில் ஒரு பங்கு குறைந்திருந்தால், எங்கோ தரை மைல் நுழைந்துவிட்டது என்று உடனே சந்தேகப்படுங்கள். 45-இல் ஏழில் ஒரு பங்கு ஆறு சொச்சம். உங்கள் ஆறு மணி நேரம் அதுதான்.

திருப்பரங்குன்றம் கணக்காசிரியர்:
இவ்வளவு எதற்கு? இரட்டிப்பாக்கு, அதில் பத்தில் ஒன்றைக் கழி என்று என் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். 12 நாட் பர் ஹவர் என்றால் 24, அதில் 2.4 போக 21.6. போதாதா?

மேலூர் பழைய மாலுமி:
பேச்சுக்குப் போதும், ஐயா. ஆனால் அதையே 540-க்குச் செய்தால் 972 வரும். 28 கிலோமீட்டர் குறைவு. பத்துக்குப் பதில் நூற்றுக்கு ஏழு கழித்தால் நெருங்கிவிடுவீர்கள். அப்புறம், “நாட் பர் ஹவர்” என்று மாணவர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள். நாட் என்றாலே மணிக்கு ஒரு கடல் மைல். மணி அதற்குள்ளேயே இருக்கிறது.

உசிலம்பட்டி லாரிக்காரர்:
எனக்கு வேறு சந்தேகம். கணக்குச் சரியென்றால், அவ்வளவு பெரிய கப்பல் மணிக்கு 22 கிலோமீட்டர்தானா? எங்கள் ஊர் டிராக்டர் அந்த வேகத்தில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு போகும். தம்பி ஓர் இலக்கத்தை விட்டுவிட்டு எழுதியிருப்பாரோ?

மேலூர் பழைய மாலுமி:
விடவில்லை, அண்ணே. டிராக்டர் டீக்கடையில் நிற்கும். கப்பல் இரவும் பகலும் நிற்காது. 24 மணி நேரத்தில் 288 கடல் மைல், அதாவது 533 கிலோமீட்டர். அதுவும் பல ஆயிரம் டன்னோடு.

ராமநாதபுரத்து மருமகன், இப்போது மதுரையில்:
கடல் மைலை எங்கள் பக்கத்தில் நாட்டிக்கல் என்றுதான் சொல்வார்கள். என் மைத்துனருக்கு விசைப்படகு. கரையிலிருந்து 3 நாட்டிக்கலுக்கு உள்ளே விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்பது அப்போதைய விதி. புதிதாக ஒரு ஜிபிஎஸ் வாங்கினார். அதில் 3.2 காட்டியது, தாண்டிவிட்டோம் என்று வலையை இறக்கினார். பக்கத்துப் படகில் அதே இடத்தில் 2.8 காட்டியது. இரண்டு பேரும் மற்றவர் கருவிதான் பழுது என்று சண்டை. கடைசியில் பார்த்தால் மைத்துனரின் கருவி தரை மைலில் அமைக்கப்பட்டிருந்தது. 3.2 தரை மைல் என்பது ஐந்தேகால் கிலோமீட்டருக்கும் குறைவு. எல்லையோ ஐந்தரைக்கு மேல். நல்லவேளை, அன்றைக்கு யாரும் பிடிக்கவில்லை. இதைக் கரையிலேயே சோதிக்க வழி உண்டா?

மேலூர் பழைய மாலுமி:
உண்டு. ஓர் இடத்தைக் கருவியில் குறித்துக்கொண்டு நேர் வடக்கே போங்கள். கருவி காட்டும் அட்சரேகை சரியாக ஒரு கலை கூடும்போது அங்கிருந்து தூரம் எவ்வளவு என்று பாருங்கள். 1.0 என்றால் கடல் மைல். 1.15-ஐ ஒட்டி வந்தால் தரை மைல். 1.84 என்றால் கிலோமீட்டர். கிழக்கு மேற்காகச் செய்ய வேண்டாம். வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும். நம் ஊர்ப்பக்கம் வித்தியாசம் சிறியதுதான், ஆனாலும் பழக்கம் கெடக் கூடாது.

வில்லாபுரத்து அப்பா:
நன்றி, ஐயா. ஆனால் ஒன்று மட்டும் இன்னும் இடிக்கிறது. சரியான கணக்கின்படியும் 3 மணிக்கு வந்திருக்க வேண்டும். 5 மணிக்குத்தானே மகன் கூப்பிட்டான்? அதோடு, செவ்வாய் இரவு கப்பல்களைக் காட்டும் செயலியில் 12.8 kn என்று இருந்தது. அப்படியானால் முன்னதாக அல்லவா வந்திருக்க வேண்டும்?

மேலூர் பழைய மாலுமி:
செயலி காட்டுவது தரையை வைத்து அளந்த வேகம், அந்த ஒரு நேரத்துக்கு மட்டும். உங்கள் மகன் சொன்னது சராசரியாக இருக்கலாம், தண்ணீரை வைத்து அளந்ததாகவும் இருக்கலாம். நீரோட்டம் கூட வந்தால் செயலியில் ஏறும், எதிர்த்தால் இறங்கும். கடைசி மைல்களில் இயந்திர வேகத்தையும் குறைப்பார்கள். இதில் எது இரண்டு மணி நேரத்தைத் தின்றது என்று கப்பலின் பதிவேட்டைப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன்.

திருப்பரங்குன்றம் கணக்காசிரியர்:
நங்கூரம் போட்டு, கைபேசியில் சிக்னல் கிடைத்த பிறகு கூப்பிட்டிருப்பார். 5 மணி என்பது அழைப்பு வந்த நேரம்தானே?

வில்லாபுரத்து அப்பா:
அதைக் கேட்டேன். “அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன், அம்மா எழுப்பச் சொன்னதால்தான் கூப்பிட்டேன்” என்கிறான். அவன் அம்மாவோ நான் யாரையும் எழுப்பச் சொல்லவில்லை என்கிறாள்.