அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு: செயலி மக்கர் பண்ணினால் எதை முதலில் செய்வது?

மூத்தமகள்
அப்பா ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. தன் சர்க்கரை அளவைத் தினமும் ஒரு செயலியில் குறித்து வைப்பார். போன மாதம் அது திறந்த உடனே தானாக மூடிக்கொண்டது. கேஷை அழித்தால் சரியாகும் என்று யாரோ சொல்ல, Clear cache-க்குப் பக்கத்திலேயே இருந்த Clear storage-ஐ அழுத்திவிட்டார். செயலி திறந்தது, ஆனால் இரண்டு வருடக் கணக்கு போய்விட்டது. அது வேறெங்கும் சேமிப்பில் இல்லை. அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதன் பிறகுதான் பெரிய எழுத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். எதையும் அழிக்காத வேலைகள் மேலே, அழிக்கக்கூடியவை கீழே. முதலில் திரையில் வந்த செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். அடுத்து இணையம் தேவைப்படும் இன்னொரு செயலியைத் திறந்து பார்க்க வேண்டும். அதுவும் திறக்கவில்லை என்றால் கோளாறு செயலியில் இல்லை, இணையத்திலோ போனிலோ இருக்கிறது. அது திறந்தால், பழுதான செயலியைச் சமீபத்திய செயலிகள் பட்டியலிலிருந்து தள்ளி மூடித் திறப்பது, அப்புறம் போனை அணைத்துப் போடுவது. பிறகு அப்டேட் இருக்கிறதா, போனில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது. கடைசி வரி: "இதற்கு மேல் எனக்குப் போன் செய்யுங்கள்."

நிழல்மரம்
நான் தினமும் இரவு எல்லாச் செயலிகளையும் தள்ளி மூடிவிடுவேன். பேட்டரி மிச்சமாகும், எதுவும் மக்கர் பண்ணாது. இதையும் சீட்டில் சேர்த்துவிடுங்கள்.

பழையபொறியாளர்
சிக்கிக்கொண்ட செயலியை மூட அது சரியான வழிதான். ஆனால் எல்லாவற்றையும் தினமும் மூடினால் ஒவ்வொன்றும் மறுநாள் முதலிலிருந்து ஏற வேண்டும், பேட்டரி மிச்சமாகாது. சில போன்களில் மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலியை அப்படி மூடினால் மணியே அடிக்காது. பெரியவர்கள் வீட்டில் அது ஆபத்து.

மூத்தமகளின் வரிசை நன்றாக இருக்கிறது. கேஷ் என்பது செயலி தன் வசதிக்கு எடுத்து வைத்த நகல். அதை அழித்தால் அடுத்த முறை கொஞ்சம் மெதுவாகத் திறக்கும், அவ்வளவுதான். ஸ்டோரேஜ் என்பது நாம் எழுதியது, லாகின் எல்லாம். அதை அழிப்பதும் செயலியையே நீக்குவதும் ஏறக்குறைய ஒன்று. ஐபோனில் கேஷை மட்டும் அழிக்கும் பொதுப் பொத்தான் கிடையாது. அங்கே Offload App செயலியை மட்டும் எடுத்துவிட்டு உள்ளே இருப்பதை வைத்துக்கொள்ளும், Delete App இரண்டையும் எடுத்துவிடும்.

சீட்டில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தேதியும் நேரமும் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மூத்தமகள்
அதைச் சேர்த்த மறுவாரமே பயன்பட்டது! அப்பாவின் போன் சார்ஜ் முழுவதும் தீர்ந்து இரண்டு நாள் கிடந்தது. எழுப்பிய பிறகு செய்திச் செயலி வெள்ளைத் திரையோடு நின்றது. சீட்டின்படி பிரவுசரைத் திறந்தார். இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று வந்தது. போனில் பேச முடிந்தது, வைஃபை குறியும் முழுதாக இருந்தது. தேதியைப் பார்த்தால் பல வருடம் பின்னால் போயிருந்தது. தானாக நேரம் எடுக்கும் அமைப்பு அணைந்திருந்தது, அதைப் போட்டதும் எல்லாம் திறந்தன. எனக்குப் போன் செய்து, "கடைசி வரி வரைக்கும் போகவே இல்லை" என்றார்.

பழையபொறியாளர்
பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. போனின் நாள் அதற்கு வெளியே போனால், நல்ல இணைப்பையும் அது ஏற்காது. ஒரே நேரத்தில் பல செயலிகள் நின்றால் எனக்கு முதல் சந்தேகம் இதில்தான்.

கீரைத்தோட்டம்
என் அம்மாவுக்கு எழுத்துச் சிறியதாகத் தெரிகிறது என்று பெரிதாக்கி வைத்தேன். இப்போது ஒரு செயலியில் "அடுத்து" பொத்தானே காணவில்லை. இதற்கும் கேஷை அழிக்கலாமா?

மூத்தமகள்
வேண்டாம். எழுத்து பெரிதானதால் பொத்தான் திரைக்குக் கீழே போயிருக்கும். மேலே தள்ளிப் பாருங்கள். வராவிட்டால் எழுத்தளவை ஒரு படி குறையுங்கள்.

வாசல்திண்ணை
கடைசி வரியோடு இன்னொன்றும் எழுதுங்கள்: உதவி எண்ணை இணையத்தில் தேடி அழைக்க வேண்டாம். என் மாமனார் அப்படி அழைத்தார். எதிரில் பேசியவர் திரையைப் பகிரும் செயலி ஒன்றை ஏற்றச் சொன்னார். மனைவி பக்கத்தில் இருந்ததால் தப்பினார். உதவி வேண்டுமென்றால் செயலிக்குள்ளேயே இருக்கும் உதவிப் பகுதிதான்.

நிழல்மரம்
சரி, இரவில் மூடுவதை நிறுத்திப் பார்க்கிறேன். ஆனால் அப்டேட்டைப் பெரியவர்களிடம் விடலாமா? அப்டேட் செய்த பிறகுதான் என் அண்ணனின் செயலி கெட்டது.

பழையபொறியாளர்
அப்படியும் நடக்கும். அப்போது அடுத்த அப்டேட் வரும் வரை காத்திருப்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நான் என் அம்மாவை அப்டேட் செய்ய விடுகிறேன். என் தம்பி வேண்டாம் என்கிறான்.

மூத்தமகள்
சர்க்கரைக் கணக்கை இப்போது அப்பா நோட்டிலும் எழுதுகிறார். பழையதை மீட்க வழி தெரிந்தால் சொல்லுங்கள்.