புடவைக்கடைக்கு வாசனை மெஷின்: கொடுக்கிற காசு திரும்பி வருமா?

வாவிக்கரைக் கடைக்காரன்:
மட்டக்களப்பு டவுனில் எனக்கு ஒரு சின்னப் புடவைக்கடை இருக்கிறது. கொழும்பிலிருந்து ஒருவர் வந்து, வாசனை மெஷின் வாடகைக்குத் தருகிறேன், எண்ணெயோடு மாதம் 15,000 ரூபாய், விற்பனை 30 சதவீதம் ஏறும் என்கிறார். எடுக்கலாமா?

கல்முனை பேக்கரி:
யோசிக்காமல் எடுங்கள் தம்பி. மாலை நாலு மணிக்குப் பாண் அடுப்பிலிருந்து வரும்போது வாசலில் நின்று பாருங்கள், ரோட்டில் போகிறவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வருவான். பாட்டும் போடுங்கள், மெதுவான பாட்டு. அமெரிக்காவில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் மெதுவான இசை போட்டதும் விற்பனை 38 சதவீதம் கூடியதாக ஆராய்ச்சியே இருக்கிறது. மூக்கும் காதும் சேர்ந்தால் கை தானாகப் பொக்கெட்டுக்குப் போகும்.

வந்தாறுமூலை:
நான் சந்தைப்படுத்தல் படிப்பிக்கிறவன். பேக்கரி அண்ணன் சொன்ன 38 சதவீதம் உண்மைதான், 1982இல் மில்லிமன் வெளியிட்டது. நிமிடத்துக்கு 72 தட்டுக்குள் உள்ள இசையையும், 94க்கு மேற்பட்டதையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தார். மெதுவான நாளில் ஆட்கள் மெதுவாக நடந்தார்கள், கூட வாங்கினார்கள். ஆனால் அது ஒரே ஒரு கடை. 2017இல் ஐரோப்பாவில் செய்த ஆய்வில், கடை நெரிசலாக இருக்கும்போது வேகமான இசைக்குத்தான் ஆட்கள் கூடச் செலவழித்தார்கள். பெருநாளுக்கு முதல் வாரம் உங்கள் கடை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், அந்த நேரம் தாலாட்டுப் பாட்டு உதவாது.

பாண் வாசனை வேறு விஷயம். அது விற்கிற பொருளின் வாசனை, பசியைக் கிளப்புகிறது. சாறிக்கு அப்படி ஒரு வாசனை கிடையாது, வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

மெஷினுக்கு வருவோம். 2020இல் ரோஷ்க், ஹொசைன்பூர் இருவரும் கடை வாசனை பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டிக் கணக்குப் பார்த்தார்கள். சராசரியாகச் செலவு கூடுவது 3 சதவீதம். எல்லாம் பொருந்தி வந்தால் 23 வரை போகலாம். அந்த மனிதர் சொல்லும் 30 அதற்கும் மேலே. உங்கள் கடையில் ஒரு நாள் விற்பனை எவ்வளவு? லாபம் எத்தனை வீதம்?

வாவிக்கரைக் கடைக்காரன்:
சராசரி 70,000 சேர். மந்தமான நாளில் 40,000, நல்ல நாளில் 120,000. செலவு போக முன் லாபம் 20 வீதம் நிற்கும்.

வந்தாறுமூலை:
சரி, அப்போது 3 சதவீதம் என்பது நாளுக்கு 2,100 ரூபாய் கூடுதல் விற்பனை. அதில் உங்கள் லாபம் 420. மெஷினுக்கு நாளுக்கு 500 போகிறது. 80 ரூபாய் கையை விட்டுப் போகும். உச்சபட்ச 23 சதவீதம் கிடைத்தால் மட்டும் நாளுக்கு 3,220 லாபம், மெஷினுக்குப் போக 2,720 மிஞ்சும், அது நல்ல வியாபாரம். ஆகவே கேள்வி, நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்பதுதான்.

கல்முனை பேக்கரி:
படிப்பிக்கிறவர்கள் எதையும் கழித்துத்தான் பார்ப்பீர்கள். வாசனை நன்றாக இருந்தால் ஆள் அடுத்த முறையும் வருவான், அதை ஒரு நாள் பில்லில் எப்படி எழுதுவீர்கள்?

வந்தாறுமூலை:
அது நியாயமான கேள்வி அண்ணன். திரும்பி வருவதைப் பல மாதம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் குறைவு. அதனால் அதைக் கூட்டவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

ஏறாவூர்த் தையல்:
மழைக்காலத்தில் கடைக்குள் ஈர நாற்றம் வருகிறது என்றுதானே கேட்கிறீர்கள்? மார்கழியில் எனக்கும் அதே பாடு. வாசனை அடித்தால் இரண்டும் கலந்து இன்னும் மோசமாகும். அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், காற்றாடியை ராவிலும் ஓட விடுங்கள்.

வந்தாறுமூலை:
அவர் அதைக் கேட்கவில்லை அக்கா, ஆனால் நீங்கள் சொன்னதைத்தான் முதலில் செய்ய வேண்டும். கலவையான வாசனை வேலை செய்வதில்லை. சுவிற்சர்லாந்தில் ஒரு வீட்டலங்காரக் கடையில், தனித் தோடம்பழ வாசனை இருந்த நாட்களில் ஆட்கள் சுமார் 20 சதவீதம் கூடச் செலவழித்தார்கள். தோடம்பழத்தோடு துளசி வகையும் பச்சைத் தேயிலையும் சேர்த்த வாசனை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் விற்பனையை ஏற்றவில்லை. மூளை அதைப் பிரித்தறிவதில் உழைப்பைச் செலவழிக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இன்னொன்று. கடையில் நிற்பவரின் மூக்கு சில நிமிடத்தில் பழகிவிடும். "வாசனை இல்லையே" என்று பொடியன் கூட்டிக்கொண்டே போவான், உள்ளே வருகிறவருக்குத் தலையிடி. அளவை வெளியிலிருந்து புதிதாக வருகிற ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

மருதமுனைத் தறி:
நான் கைத்தறிச் சாறியும் சாரமும் விற்கிறவன். மூக்கை விடுங்கள் தம்பி, கையைப் பாருங்கள். பொலித்தீன் உறைக்குள் இருந்தவரை என் சாறியைப் பார்த்துவிட்டு "விலை கூட" என்று போவார்கள். உறையைப் பிரித்து மடியில் விரித்துப் போட்ட நாளிலிருந்து பேரம் குறைந்தது. நூலின் கனம் கைக்குத்தான் தெரியும். எல்லாவற்றையும் பிரித்துப் போடுங்கள்.

வந்தாறுமூலை:
காக்கா சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. பெக், ஷூ இருவரும் 2009இல் காட்டினார்கள்: பொருளைத் தொட்டவருக்கு அது தன்னுடையது போன்ற உணர்வு கூடுகிறது, தொடுவது இதமாக இருந்தால் கூட விலை கொடுக்கவும் சம்மதிக்கிறார். கரடுமுரடான துணியில் விலை அப்படி ஏறாது. ஆனால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம். பிறர் தொட்டது என்று தெரிந்தால் அதே பொருளின் மதிப்பு இறங்குகிறது, அதையும் 2006இல் அளந்திருக்கிறார்கள். "உள்ளே இருந்து புதுசு எடுங்கோ" என்று நம் ஆட்கள் கேட்பது அதுதான். ஒவ்வொரு வகையிலும் ஒன்றை மட்டும் தொட வையுங்கள், விற்பதை மடிப்புக் கலையாமல் கொடுங்கள்.

மருதமுனைத் தறி:
அது சரி, எனக்கும் விரித்த சாறிதான் கடைசியில் மிஞ்சும்.

கல்லடி வாசி:
எல்லாரும் எப்படி வாங்க வைப்பது என்றே பேசுகிறீர்கள். எனக்கு இழுப்பு நோய். வாசனை அடித்த கடையில் ஐந்து நிமிடம் நிற்க முடியாது. அப்புறம், ஆளுக்குத் தெரியாமல் மனதைத் தள்ளுவது நேர்மையா?

வந்தாறுமூலை:
1990களில் இங்கிலாந்தில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் செய்த ஆய்வில், பிரெஞ்சு இசை போட்ட நாளில் பிரெஞ்சு வைன் 40 போத்தலும் ஜெர்மன் 8 போத்தலும் விற்றன. ஜெர்மன் இசைக்கு முறையே 12, 22. விசாரித்த 44 பேரில் 6 பேர்தான் இசை தங்கள் தெரிவைப் பாதித்தது என்று ஒத்துக்கொண்டார்கள். விற்றது 82 போத்தல்தான், சின்ன ஆய்வு. இருந்தாலும் உங்கள் கவலை வெறும் பயம் இல்லை.

கல்முனை பேக்கரி:
வெளிச்சம் போடுவதும் அப்படித்தானே? அதையும் நிறுத்துவோமா?

கல்லடி வாசி:
வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது. வாசனை போடுகிறவர் வாசலில் எழுதி வைக்கட்டும், என்னைப் போன்றவர்கள் முடிவு செய்துகொள்வோம்.

வாவிக்கரைக் கடைக்காரன்:
சேர், வாடகைக்கு முன் இலவசமாகப் போட்டுப் பார்க்கச் சொன்னால் எப்படி அளப்பது? ஒரு நாள் விட்டு ஒரு நாளா?

மருதமுனைத் தறி:
துணி வாசனையைப் பிடித்து வைக்கும் தம்பி. அடுத்த நாளும் மணக்கும்.

வந்தாறுமூலை:
ஆம், நானும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றுதான் சொல்லியிருப்பேன், காக்கா சொல்வதே சரி. வாரம் வாரமாக மாற்றுங்கள். முதல் நாலு வாரம் ஓட்டு, நிறுத்து, ஓட்டு, நிறுத்து. அடுத்த நாலில் தலைகீழாக நிறுத்து, ஓட்டு, நிறுத்து, ஓட்டு. அப்போது சம்பள வாரம் இரண்டு பக்கமும் விழும். பெருநாள், தீபாவளி வாரங்களைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். பில் எண்ணிக்கையையும் மொத்தத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். உங்கள் விற்பனை நாளுக்கு நாள் இவ்வளவு ஆடுவதால் 3 சதவீதம் எட்டு வாரத்தில் கண்ணுக்குத் தெரியாது, அதற்கு வருடக்கணக்கில் வேண்டும். ஆனால் 30 உண்மையானால் அது மறையவே முடியாது.

வாவிக்கரைக் கடைக்காரன்:
எட்டு வாரம் இலவசம் என்றால் அந்த ஆள் போனை வைத்துவிடுவார் என்று நினைக்கிறேன். கேட்டுப் பார்க்கிறேன், வாசலில் எழுதி வைப்பதையும் சேர்த்து. காக்கா, விரித்து வைக்க நாலு சாறி எடுக்க வெள்ளிக்கிழமை மருதமுனைக்கு வரலாமா?

மருதமுனைத் தறி:
ஜும்ஆ முடிந்து வாருங்கள்.