மறுகூட்டலா, மறுகணக்கீடா? சூத்திரம் திருத்தியபின் மாறும் மாதத் தொகைக்கு ஒரு சொல்

மீனாட்சி, மதுரை

அனைவருக்கும் வணக்கம்.

கணக்கு எழுத்தர்கள் மேலாளருக்கு எழுதும் குறிப்புகளுக்குத் தமிழில் மாதிரிகள் தொகுக்கிறோம். அதில் ஒரு குறிப்புக்குத் தலைப்புச் சொல் அமையவில்லை. சூழல் இது: ஒரு கடையின் பில்லிங் மென்பொருளிலிருந்து விற்பனைப் பட்டியலை இறக்கி, விரிதாளில் மாதவாரியாகக் கூட்டுகிறார்கள். A நிரலில் தேதி, D நிரலில் தொகை, G2-இல் மாதத்தின் முதல் தேதி. பழைய சூத்திரம்:

```
=SUMIFS(D:D,A:A,">="&G2,A:A,"<="&EOMONTH(G2,0))
```

திருத்தியது:

```
=SUMIFS(D:D,A:A,">="&G2,A:A,"<"&EDATE(G2,1))
```

ஏப்ரல் 2024 தொகை 8,42,300-லிருந்து 8,73,750 ஆனது. மே 9,05,600-லிருந்து 9,34,500 ஆனது. ஜூன் 7,98,200 அப்படியே நிற்கிறது. ஒரு பில்லும் மாறவில்லை, பேரேட்டில் யாரும் கை வைக்கவில்லை. பேச்சில் இதை ரீஸ்டேட்மென்ட் என்கிறார்கள். 'திருத்தம்' என்று எழுதினால் பில்லைத் திருத்தியதாக மேலாளர் எடுத்துக்கொள்வார். என்ன சொல் போடலாம்?

நாகராஜன், கோவை

'மாத இடமாற்றம்' பொருந்தும். கடைசித் தேதி விற்பனை பழைய சூத்திரத்தில் அடுத்த மாதத்துக்குப் போயிருக்கும். இப்போது சொந்த மாதத்துக்குத் திரும்பியிருக்கிறது. எனவே காலாண்டுத் தொகை மாறாது என்பதையும் குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், மேலாளர் நிம்மதியாவார்.

பரமேசுவரி, திருச்சி

நாகராஜன் ஐயா, கடைசித் தேதியில்தான் கோளாறு என்பது சரி. ஆனால் அந்தத் தொகை அடுத்த மாதத்துக்குப் போகவில்லை. எந்த மாதத்திலும் சேராமல் நின்றுவிட்டது.

எக்செல் தேதியை ஒரு எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 30 ஏப்ரல் 2024 என்பது 45412. அன்று மாலை 6 மணிக்குப் போட்ட பில் 45412.75. `EOMONTH` தருவது வெறும் 45412, அதாவது அந்த நாள் தொடங்கும் நள்ளிரவு. '45412-க்குச் சமம் அல்லது குறைவு' என்று கேட்டால் மாலை 6 மணி பில் வெளியே நிற்கும். மே மாதம் 45413-இல் தொடங்குகிறது, அங்கும் அதற்கு இடமில்லை. நிரலின் வடிவமைப்பு `dd-mm-yyyy` என்று இருப்பதால் நேரம் கண்ணுக்குத் தெரியாது. 30-04-2024 என்றுதான் காட்டும், பார்ப்பவர் சந்தேகப்பட மாட்டார்.

ஆகவே காலாண்டும் மாறும். பழைய மாதத் தொகைகள் மூன்றும் சேர்ந்து 25,46,100. அதே மூன்று மாதப் பட்டியலின் D நிரலை முழுதாகக் கூட்டினால் 26,06,450. இடையில் நிற்பது 60,350. அதில் ஏப்ரலுக்கு 31,450, மேக்கு 28,900. காலாண்டு மாறாது என்று எழுதிவிட்டு, மேலாளர் கூட்டிப் பார்த்தால் குறிப்பே நம்பகம் இழந்துவிடும்.

ஜூன் ஏன் மாறவில்லை என்பதையும் எழுதுங்கள், அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். 30 ஜூன் 2024 ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு ஞாயிறு விடுமுறை என்றால் அன்று பில்லே இல்லை, விடுபடவும் எதுவுமில்லை. 31 மார்ச் 2024-உம் ஞாயிறுதான். ஆண்டு முடிவு மாதத்தை வைத்து இந்தச் சூத்திரத்தைச் சோதித்தவருக்கு எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும்.

சொல்லுக்கு என் முன்மொழிவு: மறுகணக்கீடு.

ரவி, சென்னை

எங்கள் அலுவலகத்திலும் இதே தொல்லை. மொத்தம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. `SUBTOTAL` போட்டிருக்கிறோம். நீங்களும் `SUM`-க்கு மாற்றினால் நின்றுவிடுமே? சொல் எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

மீனாட்சி

ரவி, அது வேறு. `SUBTOTAL` வடிகட்டியில் மறைந்த வரிகளை விட்டுவிட்டுக் கூட்டும். காலையில் ஒருவர் ஒரு கிளையை மட்டும் வடிகட்டி வைத்துவிட்டுப் போனால் தொகை குறையும், வடிகட்டியை எடுத்தால் ஏறும். அதன் வேலையே அதுதான். இங்கே சிக்கல் நிபந்தனையின் எல்லையில்.

பரமேசுவரி அம்மா, ஓர் இடறல். ஏப்ரல் 30-க்கு நாட்குறிப்பேட்டில் அன்றைய விற்பனை 36,450 என்று இருக்கிறது. சூத்திரம் திருத்தியதால் ஏறியது 31,450 மட்டும். மீதி 5,000?

பரமேசுவரி

அந்த 5,000 கையால் தட்டச்சு செய்த பதிவாக இருக்கும். மென்பொருள் நின்றபோது கையில் எழுதிய பில்லைப் பிறகு விரிதாளில் சேர்ப்பார்கள், தேதி மட்டும் அடிப்பார்கள். நேரம் இல்லாத தேதி சரியாக 45412. அது பழைய சூத்திரத்திலேயே உள்ளே வந்துவிட்டது. இதைக் குறிப்பில் சொல்லாவிட்டால் நாட்குறிப்பேட்டை வைத்துச் சரிபார்ப்பவர், திருத்தமும் தவறு என்று முடிவுகட்டுவார்.

விடுபட்டதை மட்டும் தனியே காட்ட இது போதும்:

```
=SUMPRODUCT((INT(A2:A900)=EOMONTH(G2,0))*(A2:A900>INT(A2:A900))*D2:D900)
```

கடைசி நாளாகவும் இருக்கவேண்டும், நேரமும் ஒட்டியிருக்கவேண்டும், அந்த வரிகளின் தொகை மட்டும் வரும். ஏப்ரலுக்கு 31,450 வந்தால் காரணம் இது ஒன்றுதான் என்று உறுதி. வேறு எண் வந்தால் இன்னொரு கோளாறும் கலந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கும்வரை குறிப்பை அனுப்பவேண்டாம். `#VALUE!` வந்தால் A நிரலில் தேதியோ D நிரலில் தொகையோ எங்கோ எண்ணாக இல்லாமல் எழுத்தாகக் கிடக்கிறது. அந்த வரியைப் புதிய சூத்திரமும் கூட்டாது.

நாகராஜன்

காலாண்டு விஷயம் புரிந்தது, நன்றி. அப்படியானால் ஜிஎஸ்டி தாக்கலையும் திருத்தவேண்டுமே? விற்பனை 60,350 குறைத்துக் காட்டியதாகிவிடும். அது குறிப்பின் முதல் வரியிலேயே வரவேண்டும்.

பரமேசுவரி

தாக்கல் எதிலிருந்து போனது என்பதைப் பொறுத்தது. பில்லிங் மென்பொருளிலிருந்து நேராக எடுத்திருந்தால் அதில் இந்தச் சூத்திரமே இல்லை, தொகை சரியாகவே போயிருக்கும். விரிதாளின் மாதத் தொகையைப் பார்த்து அடித்திருந்தால் நீங்கள் சொல்வது சரி. எழுத்தர் ஊகிக்காமல், தாக்கல் செய்த தொகையைப் புதிய தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்து எழுதவேண்டும்.

நிரஞ்சன், யாழ்ப்பாணம்

'மறுகணக்கீடு' இங்கே சரிவராது. எங்கள் பாடசாலைகளில் கணக்கீடு என்றால் அந்தப் பாடத்தின் பெயரே அதுதான், நீங்கள் கணக்கியல் என்று சொல்வது. மறுகணக்கீடு என்று வாசித்தால் ஏடுகளை முதலிலிருந்து திரும்ப எழுதியதாகப் படும். மீனாட்சி அஞ்சியதும் அதுதானே. 'மீள்கூட்டல்' என்று வைத்தால் என்ன? மீள் என்ற முன்னொட்டு எங்களுக்குப் பழக்கம்.

மீனாட்சி

கூட்டல் என்றதும் பொறி தட்டியது. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு எழுதிய வீடுகளுக்கு மறுகூட்டல், மறுமதிப்பீடு இரண்டும் தெரிந்த சொற்கள். மறுகூட்டலில் விடைக்குப் போட்ட மதிப்பெண்ணைத் தொடமாட்டார்கள், விடுபட்டது இருக்கிறதா என்று பார்த்துத் திரும்பக் கூட்டுவார்கள். மறுமதிப்பீட்டில் விடையையே திரும்பத் திருத்துவார்கள். நமக்கு வேண்டிய வேறுபாடு அப்படியே இருக்கிறது: பதிவு மாறவில்லை, கூட்டியது மாறியது. யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. இலங்கை வாசகருக்கு மீள்கூட்டல் என்று இணைச்சொல்லாகக் குறிக்கலாம்.

பரமேசுவரி

மறுகூட்டலுக்கு என் வாக்கும். ஒரு வரம்பு மட்டும் வைத்துக்கொள்வோம். பில் தொகையையே தப்பாகப் பதிந்து பிறகு மாற்றினால் அது மறுகூட்டல் ஆகாது, அதற்குப் பதிவுத் திருத்தம் என்றே எழுதவேண்டும். நல்ல பெயர் கிடைத்ததும் எல்லாவற்றையும் அதில் போட்டு மூடும் பழக்கம் அலுவலகங்களில் உண்டு.

மீனாட்சி

அப்படியானால் மாதிரிக் குறிப்பின் வரைவு:

> பொருள்: ஏப்ரல், மே 2024 விற்பனைத் தொகை மறுகூட்டல்
>
> ஐயா,
> முன்பு சமர்ப்பித்த ஏப்ரல், மே மாத விற்பனைத் தொகைகள் மாறியுள்ளன. ஏப்ரல் ரூ. 8,42,300 என்பது ரூ. 8,73,750 எனவும், மே ரூ. 9,05,600 என்பது ரூ. 9,34,500 எனவும் கொள்ளவும். காலாண்டில் கூடியது ரூ. 60,350.
>
> மாதத்தின் கடைசி நாளில் நேரத்துடன் பதிவான பில்களை விரிதாள் சூத்திரம் விட்டுவிட்டது. 30 ஏப்ரல், 31 மே ஆகிய இரு நாள்களின் பில்கள் மட்டுமே இதில் அடங்கும். ஏப்ரல் 30 அன்று நேரமின்றிக் கையால் பதிந்த ரூ. 5,000 முன்பே சேர்ந்துவிட்டதால் இம்மாற்றத்தில் வராது. ஜூன் 30 விடுமுறை என்பதால் ஜூன் தொகை மாறவில்லை.
>
> பில்கள், பேரேடு, ரொக்க இருப்பு எதுவும் மாற்றப்படவில்லை. ஜிஎஸ்டி தாக்கல் பில்லிங் மென்பொருளிலிருந்து செய்யப்பட்டது. ஒப்பிட்டதில் புதிய தொகையுடன் பொருந்துகிறது. மூன்று மாதத் தொகையும் பட்டியலின் முழுக்கூட்டும் ரூ. 26,06,450 என ஒத்துள்ளன. விடுபட்ட பில்களின் பட்டியல் இணைப்பில் உள்ளது.

31,450 போன்ற தொகைக்கு 'விடுதொகை' என்று ஒரு சொல் நினைத்தேன், சரியா?

நிரஞ்சன்

விடுதொகை என்றால் விடுவித்த பணம் என்று எடுத்துக்கொள்வார்கள். 'விடுபட்ட தொகை' என்றே இருக்கட்டும். எல்லாவற்றையும் சுருக்கவேண்டும் என்றில்லை.

மீனாட்சி

விடுதொகைக்கு வேறு பொருள் வராத இடங்களும் உண்டு. இதைத் திறந்தே வைக்கிறேன்.

ரவி

எனக்கு ஒரு சந்தேகம். A நிரல் முழுவதையும் `INT` போட்டு வெறும் தேதியாக்கிவிட்டால் பழைய சூத்திரமே போதுமே?

பரமேசுவரி

போதும், ஆனால் இறக்கிய பட்டியலின் மேலேயே அழித்து எழுதாதீர்கள். நேரம் போய்விட்டால் எந்த பில் விடுபட்டது என்று பிறகு காட்ட வழியில்லை. பக்கத்தில் தனி நிரல் போட்டு அதில் `INT` செய்யலாம். அடுத்த மாதம் புதிய பட்டியலை ஒட்டும்போது அந்த நிரலைக் கீழ்வரை இழுக்க மறந்தால் மறுபடியும் தொகை குறையும். எல்லையை அடுத்த மாத முதல் தேதிக்குக் கீழே என்று வைப்பதில் இந்தத் தொல்லை இல்லை.

நாகராஜன்

ஒன்று விடுபடுகிறது. மாத இலக்கு 8,50,000 என்று வைத்து ஊக்கத்தொகை கொடுக்கும் கடை என்றால், பழைய ஏப்ரல் தொகையில் இலக்கு எட்டவில்லை, புதியதில் எட்டிவிட்டது. விற்பனைப் பிரிவுக்கு நிலுவை வரும். எழுத்தர் இதைக் குறிப்பில் எழுதவேண்டாமா?

பரமேசுவரி

எழுதவேண்டும் என்பது என் கருத்து. 'ஏப்ரல் இலக்கு எட்டப்பட்டதாகிறது, தங்கள் முடிவுக்கு' என்று ஒரு வரி. தொகையைக் கணக்கிட்டு எழுதக்கூடாது, அது எழுத்தர் முடிவு செய்யும் விஷயமல்ல.

மீனாட்சி

எனக்கு உடன்பாடில்லை. இந்தக் குறிப்பு ஒரு தொகை ஏன் மாறியது என்பதைச் சொல்ல. ஊக்கத்தொகையைச் சேர்த்தால் மேலாளர் கண் அந்த வரிக்குத்தான் போகும், காரணத்தைப் படிக்கமாட்டார். அதைத் தனிக் குறிப்பாக, அதே நாளில் அனுப்பலாம் என்று நினைக்கிறேன். தொகுப்பில் இரண்டு வடிவத்தையும் வைத்துவிடுகிறேன். இதே சூத்திரம் 2023-24 கோப்பிலும் இருந்தால் எத்தனை மாதம் பின்னோக்கி மறுகூட்டல் செய்வது என்பதற்கு யாராவது வழக்கம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.