புதையல் காசு விற்க வர்றவங்க: மாதிரி அசல், மூட்டை பித்தளை

பட்டறைக்காரர்: அஸ்திவாரம் தோண்டும்போது பானை கிடைச்சுது, மேஸ்திரிக்குத் தெரிஞ்சா பிடுங்கிக்குவாரு, அதான் பாதி விலைக்குத் தர்றோம்னு ஆரம்பிப்பாங்க. ரெண்டு காசைக் கையில கொடுத்து, "நீங்களே கடையில உரசிப் பாருங்கய்யா"ம்பாங்க. அந்த ரெண்டும் அசல் தங்கம். உரைகல்லுல தேய்ச்சு அமிலம் விட்டாலும் கோடு அழியாது. கடைக்காரர் சரின்னு சொன்னதை மூட்டைக்கே சொன்னதா நினைச்சுக்கிறோம். சில பேர் மூட்டையை முன்னாலயே அவிழ்ப்பாங்க, ஆனா உள்ளே கை விட்டு எடுத்துத் தர்றது அவங்கதான். விரலுக்குள்ள அசல் காசு ஏற்கெனவே இருக்கும்.

முருகேஷ்: இதுக்கு இவ்வளவு எதுக்கு? காந்தம் வச்சா தெரிஞ்சிடுமே.

பட்டறைக்காரர்: தம்பி, இரும்பா இருந்தா தெரியும். பித்தளையும் காந்தத்துல ஒட்டாது, தங்கமும் ஒட்டாது. ஒட்டலைன்னு பார்த்து நம்பினா அவங்களுக்குத்தான் லாபம்.

இயற்பியல் டீச்சர்: எடையைவிட, காசு அடைக்கிற இடத்தைப் பாருங்க. அளவுக்குவளையில தண்ணி ஊத்தி, கோட்டைக் குறிச்சுக்கிட்டு, 300 கிராம் காசைப் போடுங்க. 22 காரட்டா இருந்தா தண்ணி ஏறக்குறைய 17 மில்லி ஏறும். பித்தளைன்னா 35 மில்லி, அதாவது இரண்டு மடங்கு. காசுக்கு நடுவுல காற்றுக்குமிழி நிக்காம குலுக்கிவிடணும். குண்டுமணி மாலைக்கு இது சரிவராது, மணி உள்ளே பொள்ளலா இருந்தா அசல்கூட போலி மாதிரி காட்டும்.

செல்வி அக்கா: எங்க பாட்டி பெட்டியில ஒரு விக்டோரியா பவுன் இருக்கு. இப்ப வித்தா எவ்வளவு வரும்?

பட்டறைக்காரர்: அது வேற விஷயம்மா. எடை பாருங்க, முழுப் பவுன் 8 கிராமுக்குக் கொஞ்சம் குறைவா, 7.98 நிக்கணும். குறுக்களவு 22 மில்லிமீட்டர். அதே அளவுல, அதே தடிமன்ல பித்தளைன்னா 4 கிராம்கூட வராது. எடையைக் கூட்டணும்னா தடிமனாக்கணும், கையில எடுத்தாலே தெரியும்.

டீச்சர்: இன்னொண்ணு. ஒரே அச்சுல வார்த்த போலியில எல்லாக் காசுலயும் ஒரே இடத்துல ஒரே கீறல் இருக்கும். பத்துக் காசை வரிசையா வச்சுப் பாருங்க.

முருகேஷ்: ஏமாந்தவங்க போலீசுக்குப் போனா, புதையலை வாங்கினதுக்கு அவங்களையே உள்ள போட்டுருவாங்கன்னு சொல்றாங்களே?

பட்டறைக்காரர்: விக்கிறவனே அப்படித்தான் பயமுறுத்துவான். 1878-ஆம் வருஷச் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்கணும். இங்கே கிடைச்சது பித்தளை, புதையலே இல்லையே.

டீச்சர்: ஆனா வாங்கினவர் புதையல்னு நம்பித்தானே வாங்கினார்? அதைக் கேட்பாங்களா மாட்டாங்களாங்கிறது ஸ்டேஷனைப் பொறுத்தது. வக்கீலைக் கூட்டிட்டுப் போறது நல்லது.

பட்டறைக்காரர்: மூட்டையை உருக்கிடாதீங்க. அப்படியே கொண்டு போங்க.