புதுப்பிப்பு: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) திருத்தத்துக்குப் பின் பொதுநலன் வாதம்

"ஜே-யைத் திருத்திட்டாங்களே, வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியல் இனி கிடைக்காதா?"

கேட்கலாம். தனிப்பட்ட தகவலைத் தர மறுக்க இடம்தரும் ஜே-க்குள் இருந்த பொதுநலன் வரியும் மற்ற நிபந்தனைகளும் போயின, ஆனால் கேட்டைவிடப் பொதுநலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்னும் 8(2) அப்படியே இருக்கிறது. அது எடைபோடும் பிரிவு. "பொதுநலனுக்காக" என்று மட்டும் எழுதினால் நிராகரிப்பார்கள். தகுதியற்றவருக்கு ஒதுக்கீடு போயிருக்கிறதா என்பதைப் பட்டியல் இல்லாமல் சரிபார்க்க முடியாது, வெளியிட்டால் யாருக்கும் பெரிய கேடில்லை என இரண்டையும் எழுதுங்கள். ஆதார், வங்கிக் கணக்கு எண் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

மறைக்க வேண்டியதை மட்டும் நீக்கி மீதியைத் தரச் சொல்லும் பிரிவு 10 போதும் என்றார் ஒரு நண்பர். பாதி சரி. பெயரே தனிப்பட்ட தகவல் என்றால் அதையும் மறைத்துவிடுவார்களே!

மானியப் பயனாளிகள் விவரத்தை அலுவலகம் தானாகவே வெளியிடச் சொல்கிறது 4(1)(பி). அதையும் மேற்கோள் காட்டுங்கள். ஜே-யோடு மோதும்போது எது நிற்கும் என்பதில் இங்கேயே இரண்டு கருத்து.

மறுப்பு வந்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மறுப்பை நியாயப்படுத்தும் பொறுப்பு தகவல் அலுவலருடையது, 19(5).